பொறந்த வீட்டுப் பங்கு: உச்ச நீதிமன்றத் தீர்ப்பை ஐந்து நிமிட வானொலிப் பேச்சாக எழுதும் முறை

2020 ஆகஸ்ட் 11 அன்று உச்ச நீதிமன்றம் வினீதா சர்மா எதிர் ராகேஷ் சர்மா வழக்கில் ஒரு தீர்ப்பு சொன்னது. பூர்வீகச் சொத்தில் மகளுக்கு மகனைப் போலவே பிறப்பால் உரிமை உண்டு, அதற்கு அப்பா உயிரோடு இருக்க வேண்டிய அவசியம் இல்லை என்பது அதன் சாரம். காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் சுற்றுவட்டாரத்தில் கிராமத்துக்குக் கிராமம் பேச்சு அடிபட்ட தீர்ப்பு இது, ஆனால் பாதிப் பேர் தப்பாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறார்கள். "இனிமே எல்லாப் பொண்ணுகளுக்கும் பாதியாம்" என்று ஒருவர் சொல்ல, "அதெல்லாம் அப்பா உசுரோட இருந்தாத்தான்" என்று இன்னொருவர் சொல்ல, ரெண்டுமே தப்பு.

சமுதாய வானொலிக்கோ ஊர் ஒலிபெருக்கிக்கோ இதை எழுதப் போகிறவர்களுக்காக இந்த வழிகாட்டி. கடைசிக்கு முன்னால் முழு உரையும் இருக்கிறது, அப்படியே எடுத்து வாசிக்கலாம். ஆனால் அதில் ஏன் சிலது இருக்கிறது, ஏன் பலது இல்லை என்று தெரிந்துகொண்டு வாசித்தால் நேயர் கேள்வி கேட்கும்போது தடுமாற மாட்டீர்கள்.

யாருக்கு எழுதுகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

பெரும்பாலானவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். டெல்லியிலிருந்து வந்த செய்தியை அப்படியே தமிழில் எழுதினால் "2005 முதல் பெண்களுக்குச் சொத்துரிமை" என்று வரும். நம் ஊருக்கு அது சரியாகப் பொருந்தாது, ஏனென்றால் தமிழ்நாட்டில் 1989-லேயே ஒரு சட்டத் திருத்தம் வந்துவிட்டது. 1989 மார்ச் 25 முதல் அது செல்லும். அன்றைய தேதியில் கல்யாணம் ஆகாமல் இருந்த மகளுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமையை அது கொடுத்தது. அதற்கு முன்பே கல்யாணமாகிப் போனவர்களை விட்டுவிட்டது.

ஆக இந்தத் தீர்ப்பைக் கேட்டு உண்மையிலேயே நிமிர்ந்து உட்காரப் போகிறவர் யார்? 1989 மார்ச்சுக்கு முன்னால் கல்யாணமாகி, 2005-க்கு முன்னால் அப்பாவை இழந்த பெண். இன்றைக்கு அவருக்கு ஐம்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்கும். மாநிலச் சட்டம் அவரைக் கல்யாணத்தைக் காட்டி வெளியே நிறுத்தியது. 2005 செப்டம்பர் 9 அன்று வந்த மத்தியச் சட்டத் திருத்தம் கல்யாணமானவர், ஆகாதவர் என்ற பேதத்தை எடுத்தது. ஆனால் 2015-ல் உச்ச நீதிமன்றத்தின் இரண்டு நீதிபதிகள், 2005-ல் அப்பா உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்கு அந்த உரிமை என்று சொல்லிவிட்டார்கள். அப்புறம் 2018-ல் வேறு இரண்டு நீதிபதிகள், அப்பா 2001-லேயே இறந்துபோன ஒரு குடும்பத்தில் மகள்களுக்குப் பங்கு கொடுத்தார்கள். ரெண்டும் ஒன்றோடொன்று மோதியதால் மூன்று நீதிபதிகள் உட்கார்ந்து 2020-ல் முடித்துவைத்தார்கள். இந்தச் சரித்திரம் எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும், உரையில் ஒரு வரிகூட வரக்கூடாது. 2015, 2018, 2020 என்று மூன்று வருடத்தை அடுத்தடுத்துச் சொன்னால் காதில் மூன்றும் ஒன்றாகிவிடும்.

அதனால் உரையை அந்த ஒரு பெண்ணுக்கு எழுதுங்கள். அவருக்குப் புரிந்தால் அவர் மகளுக்கும் தம்பிக்கும் புரியும்.

தீர்ப்பில் எந்த இடத்தைப் படிப்பது

தீர்ப்பு நூறு பக்கத்துக்கு மேல். முதல் பக்கத்திலிருந்து படித்தால் பழைய வழக்குகளிலேயே மூழ்கிவிடுவீர்கள், நேராகக் கடைசிக்குப் போங்கள். பத்தி 129-இல் நீதிபதிகள் தங்கள் விடையை ஐந்து கூறாக எழுதியிருக்கிறார்கள். தீர்ப்பின் முடிவு என்பது அந்தப் பத்திதான், மற்றதெல்லாம் அதற்கான காரணம். நாளிதழ்களில் பெரிதாக வந்த "மகள் வாழ்நாள் முழுக்க மகள், மகன் கல்யாணம் வரைக்கும்தான் மகன்" என்ற மாதிரியான வாசகம் எல்லாருக்கும் பிடித்திருந்தது. ஆனால் அதை வைத்து யாருக்கும் ஒரு செண்டு நிலம் கிடைக்காது. உரையில் அதற்கு இடம் கொடுக்க வேண்டாம் என்பது என் கருத்து, கேட்கிறவர்கள் அதை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்வார்கள்.

ஐந்து கூறில் கிராமத்துக்குத் தேவைப்படுவது மூன்று. ஒன்று, பங்கு பிறப்பால் வருகிறது, அப்பா 2005-ல் உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை. இரண்டு, 2004 டிசம்பர் 20-க்கு முன்னால் முடிந்துபோன பாகப்பிரிவினை, விற்பனை, உயில் இவற்றைத் தொட முடியாது. மூன்று, "வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்" என்று வெறும் சாட்சியை வைத்துச் சொன்னால் ஏற்கக்கூடாது. பதிவான பத்திரமோ நீதிமன்றத் தீர்ப்பாணையோ இருக்க வேண்டும். விதிவிலக்காக, அரசாங்க ஆவணங்கள் பிரிவினையைத் தெளிவாகக் காட்டினால் மட்டும் வாய்மொழிப் பாகத்தை ஏற்கலாம்.

அந்த 2004 டிசம்பர் 20 எங்கிருந்து வந்தது என்று நேயர் கேட்பார். அன்றைக்குத்தான் திருத்த மசோதா மாநிலங்களவையில் வந்தது. மசோதா வந்துவிட்டது என்று தெரிந்தவுடன் அவசர அவசரமாகப் பத்திரம் எழுதித் தப்பித்துவிடக் கூடாது என்பதற்காக அந்த நாளையே கோடாக வைத்தார்கள். இந்தக் காரணத்தைச் சொன்னால் தேதி மனதில் நிற்கும்.

ஒரு குடும்பத்தை எடுத்துக் கணக்குப் போடுங்கள்

"சம உரிமை" என்று சொல்வதைவிட "மூணு ஏக்கர்" என்று சொல்வது காதில் ஏறும். மீனாள் என்று ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். கல்யாணம் 1985-ல். அம்மா முதலில் போய்விட்டார், அப்பா 1998-ல் உயில் எழுதாமல் போனார். கூடப் பிறந்தவர்கள் ஓர் அண்ணன், ஒரு தம்பி. கண்மாய்ப் பாசனத்தில் 9 ஏக்கர் பூர்வீக நிலம், இதுவரை பிரிக்கவில்லை.

பழைய சட்டப்படி கணக்கு இப்படி. பூர்வீகச் சொத்தில் பங்காளிகள் அப்பாவும் இரண்டு மகன்களும், ஆளுக்கு 3 ஏக்கர். அப்பா இறந்ததும் அவருடைய 3 ஏக்கர் மூன்று பிள்ளைகளுக்கும் ஆளுக்கு 1 ஏக்கர். மகன்களுக்கு 4, 4. மீனாளுக்கு 1. கவனியுங்கள், பழைய சட்டத்திலும் மகளுக்கு ஒன்றுமே இல்லை என்பது உண்மையில்லை. "இதுவரைக்கும் பெண்களுக்குப் பங்கே கிடையாது" என்று ஆரம்பிக்கும் உரைகள் முதல் வரியிலேயே தப்பு.

இப்போதைய கணக்கில் மீனாளும் பிறப்பிலிருந்தே பங்காளி. அப்பா, இரண்டு மகன், ஒரு மகள் என நாலு பேர், ஆளுக்கு இரண்டேகால் ஏக்கர். அப்பாவின் இரண்டேகால் மூன்றாகப் பிரிந்து ஆளுக்கு முக்கால். கூட்டினால் மூன்று பேருக்கும் 3, 3, 3. உரையில் இந்த இரண்டேகால், முக்கால் எதுவும் வேண்டாம், "அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு மூணு" போதும். நடுக்கணக்கு எழுதுகிறவர் சரிபார்த்துக்கொள்வதற்கு.

உதாரணத்தில் அம்மா முன்பே இறந்துவிட்டதாக வைத்ததற்குக் காரணம் உண்டு. அப்பா போகும்போது அம்மா இருந்திருந்தால் அப்பாவின் பங்கு நாலாகப் பிரியும், பிள்ளைகளுக்குப் பதினாறில் ஐந்து, அம்மாவுக்குப் பதினாறில் ஒன்று என்று போகும். தாளில் சரி, ரேடியோவில் யாரும் அதைப் பிடிக்க மாட்டார்கள். எண் சுத்தமாக வருகிற குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள், மற்றவர்களுக்குக் கணக்கு மாறும் என்று ஒரு வரி சொல்லிவிடுங்கள்.

செட்டிநாட்டுக்கென்று உள்ள சிக்கல்கள்

மற்ற ஊரில் எழுதிய உரையை இங்கே வாசித்தால் மூன்று இடத்தில் கேள்வி வரும். முதலாவது சீர். வெள்ளிச் சாமான், பித்தளை, வைரத்தோடு என்று பட்டியல் போட்டுக் கொடுக்கிற ஊர் இது. "அவளுக்குச் செய்ய வேண்டியது செஞ்சாச்சு, கணக்குத் தீந்துச்சு" என்பது நகரத்தார் வீட்டில் மட்டுமில்லை, எல்லா வீட்டிலும் கேட்கிற பேச்சு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 6-ஆம் பிரிவில் சீர் கொடுத்தால் பிறப்பால் வந்த பங்கு போய்விடும் என்று எங்கேயும் இல்லை. இதை உரையில் நேராகவே சொல்லுங்கள், மழுப்ப வேண்டாம். ஆனால் விடுதலைப் பத்திரம் என்று ஒன்று உண்டு. "எனக்குப் பங்கு வேண்டாம்" என்று மகளே பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால் நிலைமை வேறு. கல்யாண வீட்டிலோ கருமாதி வீட்டிலோ நாலு பேர் முன்னால் நீட்டப்படும் காகிதத்தில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள் என்ற எச்சரிக்கை கட்டாயம் வேண்டும்.

இரண்டாவது, எழுதாமல் பிரித்துக்கொள்வது. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி, வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு, பெட்டிக்குள் வைத்துவிடுகிறார்கள். முப்பது வருடமாக ஆளுக்கொரு வயலை உழுதுகொண்டும் இருப்பார்கள். தீர்ப்பின்படி அந்தத் தாளும் சாட்சியும் மட்டும் போதாது. ஆனால் 2004-க்கு முன்பே தனித்தனிப் பட்டா ஆகியிருந்தால், அரசாங்கப் பதிவேட்டில் பிரிவினை தெரிந்தால், நீதிமன்றம் அதைப் பரிசீலிக்கும். இதில் "கட்டாயம் செல்லாது" என்றோ "செல்லும்" என்றோ உரையில் அடித்துச் சொல்லாதீர்கள். இதே உரையைக் கேட்டுக்கொண்டிருக்கும் அண்ணன் தம்பிகள் பொய்யர்கள் இல்லை, பலர் நிஜமாகவே பிரித்துக்கொண்டவர்கள்தான்.

மூன்றாவது வீடு. வளவைச் சுற்றி அறை அறையாகப் பங்காளிகளுக்குப் பிரிந்த பெரிய வீட்டில் மகள் பங்கு கேட்டால் எதை வெட்டிக் கொடுப்பது என்ற கேள்வி வரும். பழைய சட்டத்தின் 23-ஆம் பிரிவு, குடும்பம் குடியிருக்கும் வீட்டைப் பிரிக்கச் சொல்லி மகள் கேட்க முடியாது, ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவு செய்தால்தான் முடியும் என்று சொல்லியிருந்தது. 2005 திருத்தம் அந்தப் பிரிவையே நீக்கிவிட்டது. ரொம்ப முக்கியமான விஷயம், ஆனால் இந்த உரையில் சேர்த்தால் ஐந்து நிமிடம் பத்தாகும். தனி உரையாக எழுதுங்கள். இங்கே நிலத்தை மட்டும் பேசுவோம்.

இன்னொன்று, கேட்கிறவர்கள் குழப்பிக்கொள்வது: தாத்தா கையிலிருந்து வந்ததெல்லாம் இந்தத் தீர்ப்பு சொல்லும் கூட்டுச் சொத்து ஆகிவிடாது. தாத்தா தானே சம்பாதித்து, 1956-க்குப் பிறகு உயிலில்லாமல் இறந்து, அப்பாவுக்கு வந்த நிலம் பொதுவாக அப்பாவின் தனிச் சொத்தாகவே கருதப்படும். அப்பா அதை உயில் எழுதி யாருக்கும் கொடுக்கலாம். உயில் இல்லாமல் போனால் மகன், மகள் எல்லாருக்கும் சமம், அது 1956 முதலே அப்படித்தான். உரையில் இதற்கு இரண்டு வரி போதும்.

காதுக்கு எழுதுவது

நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு நூறு சொல்லுக்குள்தான் வரும். ஐந்து நிமிட உரை 450 சொல்லைத் தாண்டினால் வாசிப்பவர் ஓட ஆரம்பித்துவிடுவார். தேதியில் ஒன்றே ஒன்றுதான் நேயர் மனதில் நிற்க வேண்டும், அது 2004 டிசம்பர் 20. அதை இரண்டு தடவை, இரண்டு வேறு வாக்கியத்தில் சொல்லுங்கள். மற்ற வருடங்களை "எண்பத்தஞ்சு", "தொண்ணூத்தெட்டு" என்று பேச்சோடு பேச்சாக விட்டுவிடுங்கள்.

தாளில் "மேற்சொன்ன", "முன்னவர்", "அதன்படி" என்று எழுதலாம், காதுக்கு மேலே கீழே கிடையாது. சட்டச் சொற்களுக்கு ஊர்ச் சொல் இருந்தால் அதையே வையுங்கள்: பங்காளி, பாகப்பிரிவினை, பட்டா, வில்லங்கம், விடுதலைப் பத்திரம் எல்லாம் இங்கே எல்லாருக்கும் தெரிந்தவை. வழக்கின் பெயர், சட்டத்தின் பெயர், நீதிபதிகளின் பெயர் எதுவும் தேவையில்லை.

ஒருவரே பேசிக்கொண்டு போவதைவிட இரண்டு குரல் நல்லது. கேள்வி கேட்கிற குரல் நேயருக்கு வரும் சந்தேகத்தை அந்தந்த இடத்தில் கேட்டுவிடும். ஆனால் அந்தக் குரலை வெகுளியாக எழுதிவிடாதீர்கள். நம் ஊர்ப் பெரியம்மாக்களுக்குப் பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் அத்துப்படி.

மிக முக்கியமான ஒரு விதி: "பங்கு உண்டு" என்பதற்கும் "ஆனால்" என்பதற்கும் நடுவில் பாட்டோ விளம்பரமோ வரக்கூடாது. முதல் பாதியைக் கேட்டுவிட்டு மாட்டைக் கட்டப் போனவர் சாயங்காலமே அண்ணன் வீட்டு வாசலில் நிற்பார்.

முழு உரை

தொகுப்பாளர்: வணக்கம்ங்க. வேலையைப் பாத்துக்கிட்டே கேளுங்க. இன்னைக்கு ஒரே ஒரு விஷயம்தான். பொறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்துல பொம்பளப் புள்ளைக்குப் பங்கு உண்டா? பக்கத்து ஊர்லேருந்து ஒரு பெரியம்மா வந்திருக்காங்க, அவங்களே கேக்கட்டும்.

பெரியம்மா: எனக்கு எண்பத்தஞ்சுல கல்யாணம் ஆத்தா. அம்மா முன்னாடியே போயிட்டாக. அப்பா தொண்ணூத்தெட்டுல போயிட்டாரு. அண்ணன் ஒருத்தரு, தம்பி ஒருத்தன். பூர்வீக நெலம் ஒம்பது ஏக்கரு, இன்னும் பிரிக்கல. எனக்குப் பங்கு இருக்கா?

தொகுப்பாளர்: இருக்கு பெரியம்மா. அண்ணனுக்கு எவ்வளவோ அவ்வளவு ஒங்களுக்கு. ஒம்பது ஏக்கர்ல மூணு ஏக்கர்.

பெரியம்மா: பழைய சட்டத்துல ஒரு ஏக்கருதான்னு வக்கீலு சொன்னாரே?

தொகுப்பாளர்: அன்னைக்கு ஒண்ணு, இன்னைக்கு மூணு. சட்டம் மாறிருச்சு.

பெரியம்மா: அப்பாதான் உசுரோட இல்லையே?

தொகுப்பாளர்: அப்பா இருந்தாலும் பங்கு உண்டு, இல்லாட்டியும் உண்டு. இதைத்தான் உச்ச நீதிமன்றம் சொல்லிருக்கு. டெல்லியில ஒரு மகள் கேஸ் போட்டாங்க. அவங்க அப்பாவும் முன்னாடியே போயிட்டாரு, அதனால பங்கு இல்லன்னு ஐகோர்ட்டுல சொல்லிட்டாங்க. உச்ச நீதிமன்றம், பங்கு பொறக்கும்போதே வந்துருது, அப்பா எப்பப் போனாருன்னு பாக்கத் தேவையில்லன்னு சொல்லிருச்சு.

பெரியம்மா: கல்யாணம் ஆகிப் போனவளுக்கு இல்லன்னு நம்ம தமிழ்நாட்டுல ஒரு சட்டம் இருந்துச்சே?

தொகுப்பாளர்: இருந்துச்சு. அதுக்கு அப்புறம் நாடு முழுக்க ஒரு சட்டம் வந்துச்சு பெரியம்மா. அதுல கல்யாணம் ஆனவங்க, ஆகாதவங்கன்னு பிரிவே கெடையாது.

பெரியம்மா: சீரு செஞ்சுதானே அனுப்புனாக?

தொகுப்பாளர்: சீரு வேற, பங்கு வேற. சீரு செஞ்சாங்கங்கறதுக்காகப் பங்கு போகாது.

பெரியம்மா: அப்ப எல்லா வீட்டுலயும் பொண்ணுகளுக்குப் பங்கு வந்துருமா?

தொகுப்பாளர்: வராது. இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. 2004 டிசம்பர் 20. அந்தத் தேதிக்கு முன்னாடியே பத்திரம் பதிஞ்சு பிரிச்சிருந்தா, கோர்ட்டு வழியாப் பிரிச்சிருந்தா, இல்ல வித்திருந்தா, அதை இப்பக் கெளற முடியாது. முடிஞ்சது முடிஞ்சதுதான்.

பெரியம்மா: பத்திரமெல்லாம் இல்ல, பெரியவுகள வச்சு வாயாலயே பிரிச்சுக்கிட்டோம்னு சொன்னா?

தொகுப்பாளர்: வாய்ச்சொல்லு மட்டும் போதாதுன்னு தீர்ப்புல இருக்கு. ஆனா அந்தக் காலத்துலயே அரசாங்கக் காகிதத்துல தனித்தனியா ஏறியிருந்தா கோர்ட்டு யோசிக்கும். அது ஒவ்வொரு குடும்பத்துக்கும் மாறும்.

பெரியம்மா: அப்பா தானாச் சம்பாரிச்ச சொத்து?

தொகுப்பாளர்: அது வேற கணக்கு. உயில் இருந்தா உயில்படி. உயில் இல்லாமப் போயிட்டா மகனுக்கும் மகளுக்கும் சமம். இன்னொண்ணு, இன்னைக்குப் பேசினது இந்துக் குடும்பச் சட்டம். முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வேற சட்டம்.

பெரியம்மா: நான் இப்ப மொதல்ல என்ன செய்யணும்?

தொகுப்பாளர்: சண்டைக்குப் போகாதீங்க, சார்பதிவாளர் ஆபீசுக்குப் போங்க. சர்வே நம்பரைச் சொல்லி வில்லங்கம் போட்டுப் பாருங்க. 2004 டிசம்பர் 20-க்கு முன்னாடி பாகப்பிரிவினைப் பத்திரம் இருக்கான்னு அதுல தெரியும். அப்புறம் 15100-ன்னு ஒரு போன் நம்பர். ஒண்ணு, அஞ்சு, ஒண்ணு, சைபர், சைபர். அதுல கூப்பிட்டா இலவச சட்ட உதவி. பொம்பளைகளுக்கு வருமானம் எவ்வளவுன்னு பாக்காமலே வக்கீல் குடுப்பாங்க.

பெரியம்மா: தம்பி ஏதோ காகிதத்துல கையெழுத்துக் கேக்குறான்.

தொகுப்பாளர்: படிச்சுப் பாக்காமப் போடாதீங்க பெரியம்மா. பங்கு வேணாம்னு எழுதிக் குடுக்குற பத்திரமா இருக்கலாம். வக்கீல்கிட்டக் காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

ஒலிபரப்புக்கு முன்னும் பின்னும்

பதிவு செய்த உரையை ஊரில் இரண்டு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஒரு பெண், ஓர் ஆண், ரெண்டு பேரும் பங்கு விஷயத்தில் எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் இன்னும் நல்லது. "புரிஞ்சுச்சா?" என்று கேட்காதீர்கள், எல்லாரும் புரிந்தது என்றுதான் சொல்வார்கள். "வீட்டுல போயி இதை எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். "எல்லாப் பொண்ணுகளுக்கும் பங்காம்" என்று மட்டும் திருப்பிச் சொன்னால் டிசம்பர் 20 காதில் விழவில்லை, அந்த இடத்துக்கு முன்னால் இன்னும் ஒரு நொடி இடைவெளி விட்டு மறுபடி பதியுங்கள். "வாயால பிரிச்சதெல்லாம் செல்லாதாம்" என்று சொன்னால் அரசாங்கக் காகிதம் பற்றிய வரியை விழுங்கிவிட்டார்கள் என்று அர்த்தம். "அப்பா 2005-க்கு முன்னாடி போயிருக்கணுமாம்" என்று தலைகீழாகச் சொல்கிறவர்களும் உண்டு. "இருந்தாலும் உண்டு, இல்லாட்டியும் உண்டு" என்ற வரியைச் சேர்த்தே சொல்ல வேண்டியது இதனால்தான்.

உரிமையியல் வழக்கு நடத்துகிற ஒரு வக்கீலிடம் எழுத்துப் பிரதியைக் காட்டுங்கள். அவர் "இதில் தாவாக்குட்பட்டு என்று சேருங்கள்", "பொதுவாக என்று போடுங்கள்" என்று வரிக்கு வரி ஏதாவது சொல்வார். தப்பான இடத்தை மட்டும் திருத்திக்கொண்டு, பேச்சு நடையை விட்டுக்கொடுக்காதீர்கள்.

உங்கள் ஊரில் நடந்துகொண்டிருக்கிற பாகப்பிரிவினை வழக்கு எதையும் உதாரணமாக எடுக்காதீர்கள், பெயரை மாற்றினாலும் கூட. ஒன்பது ஏக்கர், இரண்டு அண்ணன் தம்பி என்று சொன்னாலே யார் வீடு என்று ஊருக்குத் தெரிந்துவிடும். உதாரணத்தில் இருக்கிற குடும்பம் தற்செயலாக யாருடைய குடும்பத்தோடாவது ஒத்துப்போனால் ஏக்கரை மாற்றுங்கள், ஆனால் ஒன்பதால் வகுபடுகிற எண்ணாக வையுங்கள்: பதினெட்டு என்றால் அன்றைக்கு இரண்டு, இன்றைக்கு ஆறு.

ஒலிபரப்பு முடிந்ததும் போன் வரும். "எங்களுக்கு வருமா, வராதா?" என்று மூன்று தலைமுறைக் கதையைச் சொல்லிக் கேட்பார்கள். நேரலையில் விடை சொல்லாதீர்கள். அப்பா எப்போது இறந்தார், சொத்து யார் பேரில் எப்படி வந்தது, பதிவான பத்திரம் ஏதாவது இருக்கிறதா என்ற மூன்று கேள்வியை மட்டும் சொல்லி, அதற்கான காகிதங்களோடு நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவுக்குப் போகச் சொல்லுங்கள். வில்லங்கச் சான்றை tnreginet.gov.in தளத்திலும் பார்க்கலாம், ஆனால் சர்வே எண்ணும் சார்பதிவாளர் அலுவலகத்தின் பெயரும் கையில் இருக்க வேண்டும். பழைய வருடங்களுக்கான பதிவு இணையத்தில் கிடைக்காவிட்டால் அலுவலகத்திலேயே விண்ணப்பம் கொடுத்துத் தேடச் சொல்லலாம். 2004-க்கு முந்தைய பத்திரத்தைத் தேடுகிறோம் என்பதால் தேடும் காலத்தைக் குறைந்தது அப்பா உயிரோடு இருந்த காலத்திலிருந்தே போடச் சொல்லுங்கள். கடைசிப் பத்து வருடத்துக்கு மட்டும் போட்டுவிட்டு "ஒண்ணும் இல்ல" என்று திரும்பி வருகிறவர்கள் நிறைய.